சர்வர் பயிற்சிக் கையேடு தமிழில்: மொழிபெயர்ப்பா, தங்கிலீஷா, புதிதாக எழுதுவதா?

உணவகம் நடத்தும் பலரிடம் ஆங்கிலத்தில் ஒரு பயிற்சிக் கையேடு இருக்கிறது. ஆலோசகர் கொடுத்ததாக இருக்கும், அல்லது நட்சத்திர ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டு வந்த மேனேஜர் கையோடு கொண்டுவந்ததாக இருக்கும். ஐம்பது அறுபது பக்கம், நல்ல பைண்டிங், மேனேஜர் மேசையின் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. புதிதாகச் சேரும் பையனோ பழைய சர்வர் ஒருவர் பின்னாலேயே நாலு நாள் நடந்து வேலை கற்றுக்கொள்கிறான், அவர் செய்யும் தப்புகளையும் சேர்த்து.

அதைத் தமிழில் கொண்டுவருவது என்று முடிவெடுத்ததும் மூன்று வழிகள் எதிரே நிற்கும். முழுதாக மொழிபெயர்த்துவிடலாம். ஆங்கிலச் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டு, வினையை மட்டும் தமிழில் முடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கையேட்டை ஓரமாக வைத்துக்கொண்டு, தளத்தில் நடக்கும் வேலையைப் பார்த்துப் புதிதாக எழுதலாம். குரல் பதிவு, வீடியோ என்று நாலாவதாக ஒன்றும் சொல்வார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒரு கடையை மனதில் வைத்துக்கொள்வோம். மாவட்டத் தலைநகரில் ஒரு நடுத்தரக் குடும்ப உணவகம். காலையில் டிபன், மதியம் இலைச் சாப்பாடு, இரவில் டிபனோடு நான், பனீர், ஃபிரைடு ரைஸ். இருபது இருபத்தைந்து மேசை, ஒரு கேப்டன், எட்டுப் பத்து சர்வர்கள். புதிதாக வருபவர் பத்தாவது வரை படித்தவர், தமிழ் செய்தித்தாள் தடையில்லாமல் வாசிப்பார், ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

ஒரே பத்தி, மூன்று தமிழ்

எல்லாக் கையேட்டிலும் இருக்கும் பத்தி, ஆர்டர் எடுப்பது. விருந்தினர் உட்கார்ந்த இரண்டு நிமிடத்துக்குள் மேசைக்குப் போ, வரவேற்பு சொல், ஆர்டர் எடு, திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்துகொள் என்பதுதான் அதன் சாரம். முழு மொழிபெயர்ப்பில் அது இப்படி வரும்:

"விருந்தினர் அமர்த்தப்பட்ட இரண்டு நிமிடங்களுக்குள் பரிமாறுபவர் மேசையை அணுகி, இன்முகத்துடன் வரவேற்று, உணவு ஆணையைப் பெற்று, உறுதிப்படுத்தும் பொருட்டு அதனை மீண்டும் வாசித்துக் காட்டுதல் வேண்டும்."

இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் பையன் இதை வாசித்துவிட்டு, "பரிமாறுபவர்" என்பது தன்னைத்தான் என்று உணர ஒரு கணம் ஆகும். அவனைக் கடையில் எல்லாரும் சர்வர் என்றோ சப்ளையர் என்றோதான் கூப்பிடுகிறார்கள். "உணவு ஆணை" என்று யாரும் வாயால் சொல்லி அவன் கேட்டதே இல்லை. நாலு வேலைகள் ஒரே வாக்கியத்துக்குள் எச்சம் எச்சமாகக் கோத்துக்கொண்டு போகின்றன. கடைசி வினைமுற்றுக்கு வரும்போது முதல் வேலை மறந்துபோயிருக்கும்.

இரண்டாவது வழியில், பெரும்பாலும் மேனேஜரே உட்கார்ந்து எழுதுவது:

"கெஸ்ட் சீட் ஆன டூ மினிட்ஸ்ல டேபிளை அப்ரோச் பண்ணி, கிரீட் பண்ணி, ஆர்டர் எடுத்து, கன்ஃபர்மேஷனுக்கு ரிப்பீட் பண்ணணும்."

பார்க்க எளிதாகத் தெரிகிறது, பேசுகிற மாதிரியே இருக்கிறது. ஆனால் இது யாருடைய பேச்சு? கேட்டரிங் படித்தவர்களுடையது. டேபிள், ஆர்டர், பில், பார்சல், ட்ரே எல்லாம் கடையில் புழங்கும் சொற்கள்தான், அவற்றை மாற்ற வேண்டியதே இல்லை. "அப்ரோச்", "கிரீட்" அப்படிப்பட்டவை அல்ல. புதியவருக்கு அவை ஆங்கிலமாகவும் தெரியாது, தமிழ் எழுத்தில் போட்டதால் அகராதியில் தேடவும் முடியாது. இன்னொரு தொல்லையும் உண்டு. எழுதியவருக்கே பிடிபடாத இடத்தைக்கூட ஆங்கிலச் சொல்லைப் போட்டு மூடிவிடலாம். "கிரீட் பண்ணு" என்றால் என்ன சொல்லணும், கை கூப்பணுமா, சிரித்தால் போதுமா? எழுதியவர் அதை முடிவு செய்யவில்லை.

மூன்றாவது வழி:

"ஆள் உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர் வையுங்கள். 'வாங்க சார்' என்று சொல்லி மெனு கார்டைக் கொடுங்கள்.
கை வேறு வேலையில் இருந்தால், அங்கிருந்தே அவர் முகத்தைப் பார்த்து, 'இதோ வந்துட்டேன் சார்' என்று சொல்லுங்கள்.
ஆர்டரை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், எழுதுங்கள்.
எழுதியதைத் திருப்பிச் சொல்லுங்கள்: 'ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு ஆனியன் ஊத்தப்பம் காரம் கம்மியா, மூணு காபி, அதுல ஒண்ணு சர்க்கரை இல்லாம. காபி கடைசில கொண்டுவரட்டுமா சார்?'
அவர் சரி என்ற பிறகே சமையலறைக்குக் கே.ஓ.டி. சீட்டு போடுங்கள்."

இது நீளம் அதிகம். ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு வேலை. முக்கியமாக, மூலத்தில் இல்லாத இரண்டு விஷயங்கள் இதில் வந்திருக்கின்றன. ஒன்று தண்ணீர். நம் ஊரில் வரவேற்பு என்பது டம்ளர் மேசையில் படும் சத்தத்தில்தான் இருக்கிறது; தண்ணீர் வந்துவிட்டால் ஆர்டருக்குக் கொஞ்சம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வார்கள். இன்னொன்று காபி எப்போது வேண்டும் என்ற கேள்வி. டிபனோடு சேர்த்து காபியும் ஒரே சீட்டில் உள்ளே போனால், காபி முதலில் வந்து ரோஸ்ட் வருவதற்குள் ஆறிப்போகும். ஆடை படிந்த காபியைத் திருப்பி அனுப்புவது டிபன் கடையில் தினமும் நடப்பது. இது எந்த ஆங்கிலக் கையேட்டிலும் இருக்காது, கேப்டனைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்.

கட்டளை எப்படி ஒலிக்க வேண்டும்

ஆங்கிலத்தில் ஏவல் வினைக்கு மரியாதை வேறுபாடு இல்லை, தமிழில் இருக்கிறது. "தண்ணீர் வை" என்றால் சுருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அச்சில் பார்க்கும்போது அதட்டல். "வைக்கவும்" என்றால் "எச்சில் துப்பாதீர்" பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. "வைத்தல் வேண்டும்" அரசாணை. "வையுங்கள்" என்பதே நடுவில் நிற்கிறது. ஐம்பது வயதில் புதிதாக வேலைக்கு வந்தவரும் அதை வாசிக்கலாம், பதினெட்டு வயதுக்காரரும் வாசிக்கலாம்.

வாடிக்கையாளரிடம் பேசும் வரிகள் வேறு கணக்கு. அவற்றை எழுத்துத் தமிழில் எழுதிக் கொடுத்தால் பையன் அதை அப்படியே ஒப்பிப்பான்: "வணக்கம் ஐயா, தங்களுக்கு என்ன வேண்டும்?" நாடக மேடை மாதிரி ஆகிவிடும். ஆகவே வேலை சொல்லும் வரி எளிய எழுத்துத் தமிழ், வாயால் சொல்லும் வரி பேச்சுத் தமிழ் என்று பிரித்துக்கொள்வது நல்லது. சார், மேடம் போதும். வயதான அம்மாவாக இருந்தால் "அம்மா". முதல் இரண்டு வழிகளிலும் இந்தப் பிரிவு தானாக வராது.

ஆங்கிலக் கையேடுகளில் சர்வர் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் வரி ஒன்று இருக்கும். அதை நம் கடையில் வெட்டிவிடலாம். ஊத்தப்பம் சாப்பிட வந்தவருக்கு அது வேண்டாம். விலை கூடிய பதார்த்தத்தைப் பரிந்துரைக்கும் வரியையும் மொழிபெயர்க்க வேண்டாம், "இன்னைக்கு மஷ்ரூம் கிரேவி நல்லா வந்திருக்கு சார்" என்பதே அந்த வேலையைச் செய்யும். மாஸ்டரைக் கேட்டுவிட்டுச் சொல்லணும் என்ற குறிப்பு மட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வலப்பக்கம், இடப்பக்கம்

கையேட்டின் நடுவில் பரிமாறும் திசை பற்றி இரண்டு பக்கமாவது இருக்கும். தட்டில் போட்டு வரும் உணவை வலப்பக்கத்திலிருந்து வைப்பது, பாத்திரத்திலிருந்து எடுத்துப் பரிமாறுவதை இடப்பக்கத்திலிருந்து செய்வது, குடிப்பதையெல்லாம் வலப்பக்கத்திலிருந்து ஊற்றுவது. கிளாஸ் வலது கைப் பக்கம் இருப்பதால் அந்தப் பக்கமாகவே ஊற்றினால் விருந்தினர் முகத்துக்குக் குறுக்கே கை போகாது. விதி அங்கிருந்து வருகிறது.

மொழிபெயர்ப்பு இதை வரி விடாமல் கொண்டுவரும். ஆனால் நம் கடையில் பாதி மேசைகள் சுவரை ஒட்டிய சோபா இருக்கைகள். உள்ளே உட்கார்ந்தவரின் வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் அவர் மனைவி. மதியம் இலைச் சாப்பாட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று குனிந்து பரிமாறுகிறோம். கையேட்டைப் படித்த பையன் அங்கே போய் நின்றால் படித்ததெல்லாம் பொய் என்று நினைப்பான், அதற்கப்புறம் மற்ற பக்கங்களையும் நம்ப மாட்டான்.

புதிதாக எழுதும்போது விதியின் காரணத்தை எடுத்துக்கொண்டு, நம் மேசைக்கு ஏற்ற விதியாக்கலாம். "சாப்பிடுபவரின் முகத்துக்கு முன்னால் கையை நீட்டாதீர்கள். எட்டாத இடத்தில் இருப்பவருக்கு, 'கொஞ்சம் வாங்கிக்கிறீங்களா சார்' என்று கேட்டுக் கொடுங்கள். சூடான சாம்பார், ரசம் மட்டும் கைமாற்றிக் கொடுக்க வேண்டாம்." இலைக்கு ஒரு படம் வரைந்துவிட்டால் போதும்: நுனி சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம், உப்பு ஊறுகாய் மேல் பாதியில் இடது ஓரம், கூட்டு பொரியல் மேல் பாதி, சோறு கீழ்ப் பாதி. வீட்டில் தெரிந்ததுதானே என்று விடக்கூடாது. அவசரத்தில் இலையைத் திருப்பிப் போட்டுவிட்டு ஓடுபவர்கள் உண்டு, அதைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் பெரியவர்களும் உண்டு.

ஒவ்வாமைப் பக்கம்: வித்தியாசம் மிகப் பெரிதாகத் தெரியும் இடம்

அமெரிக்கக் கையேடு என்றால் ஒன்பது பொருள்களின் பட்டியல் இருக்கும்: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரத்தில் காய்க்கும் கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள். எள் 2023-இல் அங்கே சட்டப்படி சேர்ந்தது. நம் ஊரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகளின் பட்டியலும் பெரும்பாலும் இதேதான், அதில் எள் இல்லை. பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியோடு ஒவ்வாமைத் தகவலும் தர வேண்டும். ஒரே கடை வைத்திருப்பவரிடமும் வாடிக்கையாளர் கேட்கத்தான் செய்கிறார்: "என் பையனுக்கு முந்திரி ஒத்துக்காது, இதுல இருக்கா?"

முழு மொழிபெயர்ப்பு "மரக்கொட்டைகள்" என்று எழுதும். தங்கிலீஷ் "ட்ரீ நட்ஸ் அலர்ஜி" என்று எழுதும். இரண்டையும் படித்த பையன் மேலே சொன்ன கேள்விக்கு, "இல்ல சார், நட்ஸ் எதுவும் போடல" என்று சொல்லிவிடுவான். ஏனென்றால் குருமாவில் முந்திரி கண்ணுக்குத் தெரியாது, அரைத்து ஊற்றியிருக்கிறார்கள். பனீர் பட்டர் மசாலாவிலும் அப்படித்தான்.

ஆகவே இந்தப் பக்கத்தைப் பொருள்வாரியாக எழுதாமல் பதார்த்தவாரியாக எழுத வேண்டியிருக்கிறது, அதை மாஸ்டர் பக்கத்தில் உட்காராமல் எழுத முடியாது. அவரிடம் மெனு கார்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டால் எதிர்பாராதவை வெளியே வரும். சட்னியில் பொட்டுக்கடலை இல்லாத நாளில் நிலக்கடலை போடுவார். இட்லிப் பொடிக்கும் புளியோதரைக்கும் நல்லெண்ணெய், அதாவது எள். எல்லாரும் தவறவிடுவது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் லேபிளில் பார்க்கலாம். கோதுமை ஆகாதவர், அரிசிதானே என்று இட்லியும் சாம்பாரும் கேட்டால், இட்லி சரி, சாம்பாரைப் பற்றி உள்ளே கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அட்டையில் இப்படி வரலாம்: "முந்திரி உள்ளவை: குருமா, பனீர் பட்டர் மசாலா, வெண்பொங்கல், கேசரி, பாயசம். வாடிக்கையாளர் 'ஒத்துக்காது' என்ற சொல்லைச் சொன்னால் நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள். 'மாஸ்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்' என்று சொல்லிவிட்டுக் கேப்டனைக் கூப்பிடுங்கள்." பட்டியல் உங்கள் கடைக்கு வேறாக இருக்கும். கூடவே நம் ஊருக்கே உரிய கேள்விகளுக்கும் இங்கே இடம் உண்டு: வெங்காயம் பூண்டு இல்லாமல் என்ன கிடைக்கும், அசைவமும் செய்யும் கடையென்றால் புரட்டாசியில் தவறாமல் வரும் "முட்டை தோசைக்குத் தனிக் கல்லா?" என்ற கேள்வி. ஆங்கில மூலத்தை எவ்வளவு நன்றாக மொழிபெயர்த்தாலும் இவை வராது.

தமிழாக்கக் கூடாதவை

இதுவரை படித்தால் ஆங்கிலமே வேண்டாம் என்று நான் சொல்வதுபோலத் தோன்றலாம். பில்லிங் மெஷினின் திரை வேறு கதை சொல்கிறது. அதில் `KOT`, `NO ONION`, `LESS SPICY`, `PARCEL`, `HOLD`, `VOID` என்றுதான் வரும், சமையலறைப் பிரிண்டரிலும் அப்படித்தான் சீட்டு வரும். இங்கே "ரத்து" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பையன் திரையில் `VOID` பொத்தானைத் தேடிக்கொண்டு நிற்பான். உங்கள் மெஷினில் உண்மையில் வரும் சொற்களை மட்டும், திரையில் இருக்கும் அதே எழுத்தில் எழுதி, எதிரே தமிழில் என்ன ஆகும் என்று போட வேண்டும்: "`HOLD`: ஆர்டர் சேமிக்கப்படும், உள்ளே சீட்டு போகாது." திரையைப் போட்டோ எடுத்து ஒட்டுவது இன்னும் நல்லது. எப்படியும் இருபது சொல்லைத் தாண்டாது, ஒரு வாரத்தில் பழகிவிடும்.

முழு மொழிபெயர்ப்புக்கு ஒரு இடம் உண்டு

கையேட்டின் கடைசியில் விடுப்பு, சம்பளம், உடைந்த பாத்திரத்துக்குப் பிடித்தம், பாலியல் தொல்லை பற்றிய புகார் முதலியவை இருக்கும். இவற்றைப் படித்துவிட்டு ஊழியர் கையெழுத்துப் போடுகிறார். இங்கே பேச்சுவழக்கோ சுருக்கமோ ஆகாது. ஒரு சொல் விடுபட்டாலும் பின்னால் தகராறு. நல்ல மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்க வேண்டிய பகுதி இதுதான், ஆனால் கொடுப்பதற்கு முன் மூலத்தைச் சரிபார்த்துவிட வேண்டும். உடைத்ததற்குப் பணம் பிடிக்கும் முன் ஊழியர் தன் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது நம் ஊதியச் சட்டம். பழைய கையேடுகளில் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்ப்பது பற்றி ஒரு பத்தி இருக்கும். அப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அந்தப் பத்தியை அழகான தமிழில் மொழிபெயர்த்துச் சுவரில் ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டிப்ஸ் கணக்கு, ஒயின் பாட்டில் திறப்பது ஆகிய அத்தியாயங்களை அப்படியே விட்டுவிடலாம்.

குரல் பதிவு எங்கே உதவும்

தளத்தில் இன்று அசாம், ஒடிசா, பீகார் பையன்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, அட்டை எத்தனை எளிமையாக இருந்தாலும் பயனில்லை. ஆனால் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய பதினைந்து இருபது வரிகளைக் கேப்டனின் குரலில் பதிந்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால், கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பழகுவார்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கும் இந்த வரிகள் காதால் கேட்டால்தான் தொனி பிடிபடும். மற்றபடி குரல் பதிவு கையேட்டுக்கு மாற்று ஆகாது. கூட்ட நேரத்தில் "குருமாவில் முந்திரி உண்டா" என்று பார்க்க யாரும் மூன்று நிமிடப் பதிவை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது.

எதை எடுப்பது

எட்டுப் பத்து சர்வர் உள்ள கடைக்கு என் தேர்வு கலவைதான். தளத்து வேலை முழுவதையும் புதிதாக எழுதுங்கள், ஷிஃப்ட் போகும் வரிசையில்: கடை திறக்கும் முன், ஆள் உட்கார்ந்ததும், ஆர்டர், பரிமாறுதல், துடைத்து எடுத்தல், பில், கோபமாக இருப்பவர், ஒத்துக்காது என்பவர். ஒவ்வொன்றும் ஒரு அட்டை, ஒரு பக்கம், ஈரக்கை படும் என்பதால் லேமினேஷன். சம்பளம், புகார் பகுதிக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர். தங்கிலீஷ் வழியை நான் எதற்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அவசரத்துக்கு ஒரே நாளில் முடியும் என்பது மட்டுமே அதன் லாபம்.

பல ஊர்களில் கிளை உள்ள நிறுவனம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். எல்லாக் கிளைக்கும் ஒரே விதி வேண்டும், தணிக்கைக்கு ஆங்கில மூலத்தோடு ஒத்துப்போக வேண்டும். அங்கே முழு மொழிபெயர்ப்பு மேனேஜர் கையிலும், அட்டைகள் கிளையின் சைடு ஸ்டேஷனிலும் இருப்பது சரி. செலவு இரட்டிப்பாகும், வேறு வழியில்லை.

எழுதியது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள், எல்லாரும் வாசித்துவிடுவார்கள். சேர்ந்து இரண்டு நாள் ஆன ஒருவரிடம் அட்டையைக் கொடுத்து, கூட்டமில்லாத மூன்று மணி வாக்கில் அதன்படி ஒரு மேசைக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். கேப்டன் வாடிக்கையாளராக உட்காரட்டும், பாதியில் ஒரு ஐட்டத்தை மாற்றட்டும். பையன் எந்த வரியில் நின்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறானோ அந்த வரியைத் திருத்துங்கள். மெனு மாறும்போதெல்லாம் ஒவ்வாமை அட்டையை மாஸ்டர் மறுபடி பார்த்து, தேதி போட்டு, தன் கையெழுத்தை இட வேண்டும். தேதி இல்லாத அட்டையைக் கேப்டன் எடுத்துவிடலாம்.